வாய் குழறல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் சரி: இது மைக்ரேனா, பக்கவாதமா?

கயல்விழி, திருச்சி | திங்கள், காலை 6.20

என் மகளுக்கு 17 வயது, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நேற்றுக் காலை பத்தரை மணி இருக்கும். நான் அடுப்படியில் இருந்தேன். உள்ளறையிலிருந்து "அம்மா" என்று கூப்பிட்ட குரல் அவள் குரலாகவே இல்லை. பல் மருத்துவரிடம் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்கள் பேசுவார்களே, அப்படி நாக்கு தடித்த பேச்சு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துவிட்டு என் தோளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை நோக்கிக் கையை நீட்டினாள். இரண்டு அம்மா தெரிந்ததாகப் பிறகு சொன்னாள். நான்கடி நடப்பதற்குள் கால் துவண்டு, கட்டிலில் உட்கார வைத்தோம்.

எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து மருத்துவர் பார்க்கும்போது மணி பதினொன்றரை. அதற்குள் பேச்சும் பார்வையும் திரும்பிவிட்டன. பின்மண்டையில் கடுமையான வலியும் வாந்தியும் மட்டும் இருந்தன. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. "பரீட்சைப் பயம், பெண்பிள்ளைகளுக்கு இப்படி வரும்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அக்டோபரிலும் டியூஷனில் ஒருமுறை இப்படி வந்து மயக்கம் என்று விட்டுவிட்டோம். பயப்படுகிற பிள்ளைக்கு எதற்கு இரண்டாகத் தெரிய வேண்டும்? இரவெல்லாம் தேடியதில் மூளைத்தண்டு மைக்ரேன் என்று ஒன்று கண்ணில் பட்டது. யாருக்காவது தெரியுமா?

செந்தில்குமார் | திங்கள், காலை 6.55

அம்மா, இங்கே பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்றே நரம்பியல் மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுங்கள். என் அண்ணனுக்கு 42 வயது. முடிவெட்டும் கடையில் கழுத்தைப் பிடித்து 'மடக்' என்று சொடுக்கு எடுத்தார்கள். இரண்டு நாள் ஒரு பக்கக் கழுத்து வலித்தது, மூன்றாம் நாள் திடீரென்று வாய் குழறல், இரட்டைப் பார்வை, நடக்க முடியவில்லை. அவருக்கும் முதல் சி.டி.யில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்துக்குள் முதுகெலும்பை ஒட்டி மேலே போகிற ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே உறைந்த ரத்தம் மூளைக்குப் போயிருந்தது. மைக்ரேன் என்று யாரும் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த விடாதீர்கள்.

ஆதவன் | திங்கள், காலை 7.30

எனக்கும் இதே பிரச்சினை இருந்தது. படுக்கையில் இடப்பக்கம் புரண்டால் அறையே சுற்றும். அரை நிமிடம் இருந்து நின்றுவிடும். உள்காதில் இருக்கும் துகள்கள் இடம் மாறியதால் வந்தது என்றார் காது மருத்துவர். தலையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து ஒரு பயிற்சி செய்தார், அன்றே போய்விட்டது. காது மருத்துவரைப் பாருங்கள் சகோதரி, வீண் செலவு வேண்டாம்.

சிற்றம்பலம் | திங்கள், காலை 8.05

ஆதவன், உங்களுடையது காதுத் தலைச்சுற்றல். அதில் நாக்கு குழறாது, பொருள் இரண்டாகத் தெரியாது. இந்தப் பெண்ணுக்கு அந்த இரண்டும் இருந்திருக்கின்றன. காதில் மட்டும் கோளாறு இருந்தால் அப்படி நேராது.

கயல்விழி அம்மா, இருபது ஆண்டுகளுக்கு மேல் நரம்பியல் பிரிவில் பணியாற்றியவன் நான். செந்தில்குமார் சொன்னதில் அவசரம் குறித்த பகுதி முழுக்கச் சரி. இன்றே போங்கள். மூளையின் பின்பகுதியைச் சுற்றித் தடித்த எலும்பு இருப்பதால், அங்கே புதிதாக ஏற்பட்ட அடைப்பின் பாதிப்பை சி.டி. பெரும்பாலும் காட்டாது. எம்.ஆர்.ஐ.யும்கூட, மூளையை முதுகுத்தண்டோடு இணைக்கும் மூளைத்தண்டு விஷயத்தில் முதல் ஓரிரு நாட்களில் சில வேளை ஏமாற்றும். ஆகவே மூளையின் படத்தோடு கழுத்து ரத்தக்குழாய்களின் படமும் வேண்டும் என்று கேளுங்கள்.

போகும் வழியில் சில கேள்விகளுக்கு விடை தேடி வையுங்கள். மருத்துவர் இவற்றைத்தான் கேட்பார். படங்களெல்லாம் நன்றாக இருந்துவிட்டால் நோயைக் கண்டுபிடிப்பது உங்கள் விடையிலிருந்துதான்.

எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது என்கிறீர்கள். உண்மையில் அப்படித்தானா? நீங்கள் பார்த்தது பத்தரைக்கு, அதற்குமுன் என்ன நடந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒரு கண்ணை மூடியபோது இரட்டை ஒன்றாயிற்றா? சொல்லவேண்டிய சொல்லே வரவில்லையா, அல்லது சொல் வந்து நாக்கு ஒத்துழைக்கவில்லையா? கால் துவண்டது என்றீர்களே, கால் பலமிழந்ததா, நிலை தவறியதா? கழுத்தில் வலி, அடி, சொடுக்கு ஏதாவது உண்டா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள்?

பொன்னி | திங்கள், காலை 8.40

இது பேசிலார் மைக்ரேன். மூளைத்தண்டுக்கு ரத்தம் கொடுக்கும் பேசிலார் தமனி சுருங்கிக்கொள்வதால் வருவது. 1961-ல் பிக்கர்ஸ்டாஃப் என்ற ஆங்கிலேய மருத்துவர் கண்டுபிடித்தார், அவர் பார்த்த நோயாளிகளில் பெரும்பாலோர் வளரிளம் பெண்கள். ஆனால் கவனம், பிக்கர்ஸ்டாஃப் நோய் என்பது மூளைத்தண்டு அழற்சி, அதற்கு இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும் என்றும் படித்திருக்கிறேன். உடனே கேளுங்கள்.

சிற்றம்பலம் | திங்கள், காலை 9.15

பொன்னி, முதல் பாதி பெரும்பாலும் சரி. அவர் 34 பேரின் விவரத்தை எழுதினார், அவர்களில் இளம்பெண்களே மிகுதி. இரண்டாம் பாதியில் இரண்டு நோய்கள் கலந்துவிட்டன. அழற்சி நோய்க்கும் அதே மருத்துவரின் பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது. அந்த அழற்சி நாள் கணக்கில் முற்றும், வாரக் கணக்கில் தேறும். காலை பத்தரைக்கு வந்து பதினொன்றரைக்குள் சுவடில்லாமல் போகாது.

தமனி சுருங்குகிறது என்பது அவர் காலத்து ஊகம். அதை இன்று ஏற்பதில்லை, அதனால்தான் பேசிலார் என்ற பெயரையும் கைவிட்டு 'மூளைத்தண்டு ஆராவுடன் கூடிய மைக்ரேன்' என்று மாற்றினார்கள். ஆரா என்பது தலைவலிக்கு முன்னோடியாக வந்துபோகும் பார்வை, உணர்வு, பேச்சுக் கோளாறுகள். அதில் நடப்பது மூளை மேற்பரப்பில் நரம்பணுக்களின் செயல் ஓர் அலைபோல அடங்கிக்கொண்டே நகர்வது. அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் ஊர்கிறது. கண்முன் தெரியும் மின்னல் கோடு மெல்ல மெல்லப் பரவுவது இதனால்தான். ஆனால் அந்த அலை மூளைத்தண்டிலேயே எழுகிறதா, மேற்பரப்பில் இரு பக்கமும் ஒருங்கே எழுகிறதா என்பது இன்னும் தீரவில்லை. இது மூளைத்தண்டில் பிறப்பது என்பதையே ஐயுறுகிறவர்கள் துறைக்குள் இருக்கிறார்கள்.

இளவேனில், சென்னை | திங்கள், காலை 10.10

எனக்கு 31 வயது. இந்த நோயைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் வந்துவிட்டது. சாலை இரண்டாகத் தெரிந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதவ வந்த பெண்மணியிடம் பேச வாயைத் திறந்ததும், "குடித்திருக்கிறாயா?" என்று கேட்டுவிட்டு விலகிப் போய்விட்டார். அவர் கேட்டது எல்லாம் என் காதில் தெளிவாக விழுந்தது. பதில் சொல்லத்தான் நாக்கு இல்லை.

அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் மகளுக்கு மாதவிடாய் சீராக வருவதற்கு மாத்திரை கொடுக்கிறீர்களா? எனக்கு நீர்க்கட்டிக்காகக் கொடுத்தார்கள். 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்துவது. கருத்தடை மாத்திரையும் அதுவும் ஒன்றே என்று அப்போது எனக்குத் தெரியாது. அதைத் தொடங்கிய பிறகுதான் ஆரா அடிக்கடி வந்தது.

கயல்விழி, திருச்சி | திங்கள், பகல் 1.35

மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்கிறோம். இளவேனில், உங்கள் கேள்வியைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. ஆமாம். செப்டம்பரில் நீர்க்கட்டிக்காகத் தொடங்கியதுதான், 21 நாள் அட்டை.

மற்றக் கேள்விகளுக்கு மகளின் கைபேசியைப் பார்த்தோம். அவள் தோழிக்கு அனுப்பிய செய்திகள் நேரத்தோடு இருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

10.04: "கண்ணில் பளபளவென்று கோடு வளைந்து வளைந்து ஓடுகிறது, படிக்க முடியவில்லை."
10.13: "இப்போது இரண்டு காதிலும் இரைகிறது."
10.21: "எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுதுகிறேன்."
10.26: 14 விநாடிக் குரல் பதிவு. கேட்டால் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.
10.28: "நான் பேசுவது எனக்கே புரியவில்லை. அம்மாவைக் கூப்பிடப் போகிறேன்."

10.34-க்கு நான் அவள் அப்பாவை அழைத்திருக்கிறேன். காரில் போகும்போது, பத்து ஐம்பது வாக்கில், பேச்சு தெளிந்தது. பதினொன்றுக்குத் தலைவலி பிடித்துக்கொண்டது. கழுத்தில் வலியோ அடியோ இல்லை. உள்ளங்கைகள் இரண்டும் கூசியதாகவும் சொல்கிறாள். கட்டிலில் படுக்கவைத்தபோது போர்வையை இரண்டு காலாலும் உதறித் தள்ளினாள், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்டோபரிலும் முதலில் பளபளப்பு, பிறகு இரட்டை, பிறகு தள்ளாட்டம் என்று வந்ததாக இப்போதுதான் சொல்கிறாள். நாங்கள் கேட்கவே இல்லை.

சிற்றம்பலம் | திங்கள், பிற்பகல் 2.20

முதலில் மாத்திரை. இதை உள்ளே போய் இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள், அவரைக் கேட்காமல் அடுத்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும் ஆராவுடன் வரும் மைக்ரேனும் சேரும்போது பக்கவாத அபாயம் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே ஆரா உள்ளவர்களுக்கு இந்தவகை மாத்திரையைத் தரக்கூடாது என்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்த மாத்திரை மூளையின் சிரைகளில் ரத்தம் உறையவும் வழிசெய்யலாம். தலைவலியும் வாந்தியும் அதிலும் வரும். எனவே தமனிகளோடு சிரைகளையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். காலையில் நான் அதைச் சொல்லவில்லை, இளவேனில் கேட்டதால்தான் நினைவு வந்தது.

இனி அந்தச் செய்திகள். உங்கள் மகள் தன்னை அறியாமலே ஒரு நல்ல நோய்க்குறிப்பு எழுதிவைத்திருக்கிறாள். நீங்கள் உள்ளே நுழைந்தபோது எல்லாம் சேர்ந்திருந்தன, அதனால் ஒரே நேரத்தில் வந்ததாகத் தோன்றியது. உண்மையில் பளபளப்பு, ஒன்பது நிமிடம் கழித்துக் காதிரைச்சல், இன்னும் எட்டு நிமிடம் கழித்து இரட்டை, பிறகு குழறல், பிறகு தள்ளாட்டம். ஒன்றன் பின் ஒன்றாக ஏறிவந்திருக்கிறது. பக்கவாதம் பெரும்பாலும் அப்படி ஏறிவராது, விளக்கை அணைத்ததுபோல ஒரே கணத்தில் வரும். அது இருப்பதைப் பறிக்கும்: பார்வை போகும், பலம் போகும். ஆரா இல்லாததையும் கொண்டுவரும்: ஒளிக்கோடு, இரைச்சல், கூச்சம். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமலும் ஒரு மணி நேரத்துக்கு மிகாமலும் இருந்து, தடமில்லாமல் விலகி, தலைவலியில் போய்ச் சேருவது அதன் வழக்கம்.

10.21 செய்தியைப் பாருங்கள். ஒரு கண்ணைப் பொத்தினால் எழுத்து ஒன்றாகிவிட்டது. இரண்டு கண்களும் ஒரே இடத்தை நோக்காமல் விலகியதால் வந்த இரட்டை என்று அதற்குப் பொருள். ஒரு கண்ணை மூடிய பின்னும் இரட்டையாகவே தெரிந்தால் கோளாறு அந்தக் கண்ணில் இருக்கிறது, கண் மருத்துவரிடம் போகவேண்டும். மங்கலாகத் தெரிவதையும் பலர் இரட்டை என்று சொல்லிவிடுகிறார்கள். அதை இதில் சேர்க்க முடியாது.

எனக்கு மிகவும் மதிப்பாகத் தோன்றுவது 10.26-ம் 10.28-ம். பேச்சு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை, இரண்டே நிமிடத்தில் பிழையில்லாத வாக்கியம் எழுதுகிறாள். மொழி உள்ளே முழுதாக இருக்கிறது, அதை ஒலியாக்கும் நாக்கும் உதடும்தான் தடுமாறுகின்றன. இதுதான் மூளைத்தண்டுக் கணக்கில் சேரும் குழறல். எழுத்திலும் சொல் மாறி, 'தண்ணீர்' என்று எழுத நினைத்து வேறொன்று வந்திருந்தால், அது மூளையின் மேற்பரப்பில் மொழிப் பகுதியைச் சார்ந்தது. வாய் குழறுகிறதா என்று பார்க்க நாங்கள் நோயாளியை 'ப-த-க, ப-த-க' என்று வேகமாகச் சொல்லச் சொல்வோம். தமிழில் 'வியாழக்கிழமை' என்ற ஒரு சொல்லே போதும், நாக்கு மடியாவிட்டால் இரண்டு ழகரமும் உடைந்துவிடும்.

போர்வையை உதறினாள் என்பதும் பெரிய செய்தி. படுத்திருக்கும்போது காலில் பலம் இருக்கிறது, நின்றால் நிலைகொள்ளவில்லை. எனவே அது தள்ளாட்டம், செயலிழப்பு அல்ல. ஒரு கையோ காலோ உண்மையில் பலமிழந்திருந்தால் இந்தப் பெயரே பொருந்தாது, பாதியுடல் செயலிழக்கும் மைக்ரேன் என்ற வேறு பிரிவுக்குப் போய்விடும்.

பொன்னி | திங்கள், பிற்பகல் 3.00

ஐயா, அப்படியானால் உள்ளங்கைக் கூச்சமும் இரு கண்ணிலும் பளபளப்பும் சேர்த்து ஆறு அறிகுறிகள் ஆகின்றன. இரண்டு இருந்தாலே போதும் என்று படித்தேன். முடிவாகச் சொல்லிவிடலாமே?

சிற்றம்பலம் | திங்கள், பிற்பகல் 3.25

நீங்கள் படித்தது பழைய வரையறையாக இருக்கும். இரு கைக் கூச்சமும் இரு கண் பளபளப்பும் அதில் இருந்தன. 2018-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார்கள், சாதாரண ஆராவிலும் அவை வருவதால். இப்போது எண்ணுவது குழறல், சுழலும் தலைச்சுற்றல், காதிரைச்சல், காது மந்தம், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், சுயநினைவு மங்கல் ஆகியவற்றை மட்டும். உங்கள் ஆறில் இரண்டைக் கழித்தாலும் இந்தப் பெண்ணுக்கு நான்கு நிற்கின்றன. குறைந்தது இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும், அதுவும் இருக்கிறது.

ஆனாலும் இங்கிருந்து முடிவாகச் சொல்ல மாட்டேன். தாராளமாக எண்ணினால் கூட்டம் பெருகிவிடும். டென்மார்க்கில் 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரா உள்ள 362 பேரில் 38 பேருக்கு இந்த வகை இருப்பதாக எண்ணினார்கள், பத்தில் ஒருவர். அதே நாட்டில் பின்னர் கறாராக எண்ணியபோது தொகை மிகவும் சுருங்கியது. வேறு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு வைக்கவேண்டிய பெயர் இது.

செந்தில்குமார் | திங்கள், மாலை 4.10

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இதைப் படிக்கிற நாளைய வாசகர் ஒருவர், "மெல்ல ஏறியது, அப்படியானால் மைக்ரேன்தான்" என்று வீட்டிலேயே படுத்துவிட்டால்? என் அண்ணனுக்கு முந்தைய நாளே சிறிது தலைச்சுற்றல் இருந்தது. நாங்களும் தூங்கினால் சரியாகும் என்றுதான் நினைத்தோம்.

சிற்றம்பலம் | திங்கள், மாலை 4.40

நீங்கள் சொல்வது நியாயம். பின்பகுதித் தமனி அடைப்பு சிலருக்கு விட்டுவிட்டும் படிப்படியாகவும் வரும். கழுத்துத் தமனி கிழிவதும் பின்மண்டை வலியோடு வரலாம், சிலருக்குப் பளபளப்புகூட வருவதுண்டு. ஆகவே வாழ்வில் முதன்முறை வரும் தாக்குதலுக்கு வீட்டில் பெயர் வைக்கக் கூடாது. 108-ஐ அழைத்துப் போகவேண்டியதுதான். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதில் ஒரு மணியைக் கோட்டின் வேகம் அளப்பதில் செலவிடக் கூடாது. நோய் உறுதியானவர்களும் வழக்கத்துக்கு மாறாக வந்தால் அப்படியே செய்யவேண்டும்: நொடியில் வந்தது, ஒரு மணி நேரத்தைத் தாண்டியது, ஒரு பக்கம் பலம் போயிற்று, கழுத்தில் புதிய வலி.

நம் ஊருக்கென்று ஒன்று சேர்க்கிறேன். இரவில் தரையில் படுத்தவர் விடியலில் இமை சரிந்து, இரட்டையாகத் தெரிந்து, வாய் குழறி எழுந்தால், கட்டுவிரியன் கடியை நினைக்கவேண்டும். அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, தடமும் தெரியாமல் போகலாம். அது நேரம் போகப்போகக் கூடும், தெளியாது. வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களுக்கு அளவு மிஞ்சினாலும் குழறல், இரட்டை, தள்ளாட்டம் மூன்றும் வரும். மாத்திரைப் பட்டியலைக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாய் குழறும்போது தண்ணீரோ மாத்திரையோ வாயில் ஊற்றாதீர்கள். விழுங்குவதும் அதே தசைகளின் வேலைதான், புரையேறிவிடும்.

கயல்விழி, திருச்சி | வெள்ளி, இரவு 8.50

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூளை, தமனி, சிரை மூன்று படங்களும் நன்றாக இருக்கின்றன. நரம்பியல் மருத்துவர் வயதான அம்மையார். அந்த 14 விநாடிப் பதிவை மூன்று முறை போட்டுக் கேட்டார். பிறகு 10.28 செய்தியைத் தானே வாசித்துவிட்டு மகளைப் பார்த்து, "இதை அழித்துவிடாதே" என்றார். ஒரு கோட்டின்மேல் குதிகாலும் விரலும் தொட நடக்கவிட்டார், மூக்கையும் தன் விரலையும் மாறிமாறித் தொடச் சொன்னார். எல்லாம் சரியாகச் செய்தாள். தாக்குதல்களுக்கு இடையில் இப்படி முழுக்கச் சரியாக இருப்பதும் ஒரு சான்று என்றார். பரீட்சைப் பயம் என்று அனுப்பியதைச் சொன்னபோது, தூக்கம் கெடுவதும் மன அழுத்தமும் தாக்குதலைத் தூண்டலாம், ஆனால் பயத்தால் கண்கள் இரண்டும் விலகி நிற்காது என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மூளைத்தண்டு ஆரா மைக்ரேன் என்றே எழுதியிருக்கிறார், பக்கத்தில் 'தொடர்ந்து கவனிக்க' என்று. நீர்க்கட்டி மாத்திரை அன்றே நிறுத்தம், மகப்பேறு மருத்துவருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். தாக்குதல் வராமல் தடுக்க இரவில் ஃப்ளூனரிசின் மாத்திரை தொடங்கியிருக்கிறார். தூக்கமும் எடையும் கூடலாம், மனம் சோர்ந்திருந்தால் உடனே வந்து சொல்லவேண்டும் என்றார்.

ஒரு சந்தேகம் மட்டும். தலைவலிக்கு நாப்ராக்சென் கொடுத்திருக்கிறார். டிரிப்டான் வகை மாத்திரை இவளுக்குக் கூடாது என்றார். ஆனால் இளவேனில் தனிச்செய்தியில் தான் அதையே சாப்பிடுவதாகச் சொன்னார். எது சரி?

இளவேனில், சென்னை | வெள்ளி, இரவு 9.15

நான் சாப்பிடுவது என் மருத்துவர் சொல்லி, ஆரா முழுக்க அடங்கி வலி தொடங்கிய பிறகு மட்டும். முதல் மாத்திரையை அவர் கண்முன்னே சாப்பிடவைத்தார். அக்கா, இதை என்னைப் பார்த்துத் தொடங்காதீர்கள்.

சிற்றம்பலம் | வெள்ளி, இரவு 9.50

இரண்டு மருத்துவர்களுக்கும் காரணம் இருக்கிறது. டிரிப்டான் ரத்தக்குழாயைச் சுருக்கும். தமனி சுருங்குவதே நோய் என்று நம்பிய காலத்தில் வந்த மருந்து, ஆகவே சோதனைகளில் இந்த நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. அட்டையிலும் கூடாது என்று அச்சிட்டார்கள். பிறகு, தெரியாமலும் தெரிந்தும் சாப்பிட்டவர்களின் விவரங்களைச் சிறு அளவில் தொகுத்துப் பார்த்தார்கள், தீங்கு தென்படவில்லை. ஆனால் தொகை சிறியது. அரிதாக நேரும் தீங்கு அதில் அகப்படாமல் போயிருக்கலாம். தடை ஊகத்தில் எழுந்தது, அதை விலக்கவும் போதிய சான்று இல்லை. 17 வயதுப் பெண்ணுக்கு நாப்ராக்சென் கேட்கும் என்றால் நானும் அதோடுதான் நிறுத்தியிருப்பேன்.

பொன்னி | வெள்ளி, இரவு 10.05

மார்ச்சில் பொதுத்தேர்வு வருகிறதே அக்கா, தேர்வறையில் வந்துவிட்டால் என்ன செய்வாள்?

கயல்விழி, திருச்சி | வெள்ளி, இரவு 10.30

அதையும் மருத்துவரிடம் கேட்டேன். பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார், கூடுதல் நேரம் கிடைக்குமா என்று தலைமையாசிரியர் விசாரிக்கிறார். இதில் அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் எழுதுங்கள். மகள் தன் அடையாள அட்டையின் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். "எனக்குப் பேச வராது, ஆனால் நீங்கள் சொல்வது புரிகிறது, எழுதவும் முடியும். தண்ணீர் தராதீர்கள். மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தெளியாவிட்டாலோ ஒரு கை கால் தூக்க முடியாவிட்டாலோ 108." கீழே என் எண்ணும் அவள் அப்பா எண்ணும்.